உங்களுக்குத் தெரியுமா? ஆற்றல் துல்லியமாக இருந்தால் குவாண்டம் ஊசல் ஆடாது!

திட்டவட்டமான ஒரே ஆற்றல் மட்டத்தில் இருக்கும் குவாண்டம் ஊசலின் சராசரி இடம் நடுவிலேயே நிற்கும். அந்த மட்டம் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் அது அசையாது.

● ஆட வேண்டுமானால் பல மட்டங்கள் கலக்க வேண்டும். அப்படியொரு கலவையை 1926-இல் ஷ்ரோடிங்கர் கண்டார். இன்று அதன் பெயர் ஓரியல் நிலை. அதன் அலைப்பொதி, கடிகார ஊசலைப் போலவே இடமும் வலமும் போய்வரும். அகலம் கூடாது, குறையாது. நிச்சயமின்மைக் கொள்கை அனுமதிக்கும் மிகக் குறைந்த நிச்சயமின்மையே அதில் இருக்கும்.

● பொதி சிதறாததற்குக் காரணம், மட்டங்களின் சம இடைவெளி. ஒவ்வோர் அலைவு முடிவிலும் எல்லா மட்டங்களும் மீண்டும் ஒத்திசைகின்றன. நிஜ ஊசலை அகலமாக ஆட்டினால் இந்தச் சம இடைவெளி குலையும். பொதியும் சிதறத் தொடங்கும்.

● ஓரியல் நிலையில் சராசரியாக 100 ஆற்றல் துகள்கள் இருந்தால் ஏற்ற இறக்கம் சுமார் 10, அதாவது 10 சதவீதம். 10 லட்சம் இருந்தால் சுமார் 1,000, வெறும் 0.1 சதவீதம். அதனால்தான் பெரிய ஊசலில் குவாண்டம் நடுக்கம் நம் கண்ணுக்குப் படுவதில்லை.

● சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் படித்த இ.சி.ஜி. சுதர்சன் 1963-இல் ஒன்றை நிறுவினார்: ஒளியும் குவாண்டம் ஊசலைப் போலவே நடந்துகொள்வதால், எந்த ஒளியையும் ஓரியல் நிலைகளின் கூட்டாக எழுதலாம். அந்தக் கூட்டில் ஒரு நிலையின் பங்கு சுழிக்குக் கீழே போனால், அந்த ஒளியைப் பழைய இயற்பியலால் விளக்க முடியாது.