நீண்ட உரையாடலின் நடுவில் சொன்னது ஏன் மாறிப்போகிறது?

ஒரு கல்யாண வீட்டை எடுத்துக்கொள்வோம். பெண்ணின் அண்ணன் சாட்பாட்டோடு பேசிப் பேசியே ஏற்பாடுகளைத் திட்டமிடுகிறார். பேச்சின் நடுவே ஓரிடத்தில் காலை டிபனுக்கு 250 பேர், முகூர்த்தச் சாப்பாட்டுக்கு 450 பேர், மாலை வரவேற்புக்கு 600 பேர் என்று சொல்கிறார். சற்றுத் தள்ளி, முகூர்த்தத்துக்கு 520 என்று திருத்துகிறார். பிறகு மண்டபம், நாதஸ்வரம், பத்திரிகை வாசகம் என்று பேச்சு எங்கெங்கோ போகிறது. கடைசியில் சமையல்காரருக்குக் கொடுக்க ஒரு பட்டியல் கேட்டால், ‘நீங்கள் சொன்னபடி முகூர்த்தத்துக்கு 450 பேர்’ என்று வருகிறது.

இந்தத் தவறை உற்றுப் பார்த்தால் ஒன்று புரியும். 450 என்பது மாடல் கற்பனை செய்த எண் அல்ல. அதே உரையாடலில் இருந்ததுதான். காலாவதியான இடத்திலிருந்து வந்துவிட்டது. நடுப்பகுதியைத் தவறாக மேற்கோள் காட்டும்போது பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது: பக்கத்தில் இருந்த, பார்வைக்கு ஒத்த இன்னொன்று உள்ளே நுழைந்துவிடுகிறது.

காரணம், மாடல் பதில் எழுதும் முறையில் இருக்கிறது. ஒவ்வொரு முறை செய்தி அனுப்பும்போதும், முதல் வரியிலிருந்து அன்றுவரை பேசிய அனைத்தும் மாடலுக்கு உள்ளீடாகிறது. அது டோக்கன் எனப்படும் சிறு துண்டுகளாக உடைக்கப்படுகிறது. பதிலின் அடுத்த துண்டு என்ன என்று ஒவ்வொன்றாகத் தீர்மானிக்கும்போது, முந்தைய துண்டுகளில் எதற்கு எவ்வளவு கவனம் தருவது என்று மாடல் பங்கிடுகிறது. பங்குகளின் கூட்டுத்தொகை எப்போதும் 1 தான். பேச்சு ஆயிரம் துண்டுகளாக இருந்தாலும் லட்சமாக இருந்தாலும் அதே 1 தான் பிரிய வேண்டும்.

பங்கீடு சமமாகவும் இருப்பதில்லை. தொடக்கத் துண்டுகள், பொருள் முக்கியமாக இல்லாவிட்டாலும் பெரிய பங்கை எடுத்துக்கொள்கின்றன என்பது 2023இல் வெளியான ஆய்வுகளில் தெரியவந்தது. கடைசியாகப் பேசியவை கேள்விக்கு அருகில் இருப்பதால் அவையும் நன்றாகக் கவனம் பெறுகின்றன. நடுவில் இருப்பதற்கு மிச்சம்தான். அந்த மிச்சத்திலும் ‘முகூர்த்தம்’, ‘பேர்’ என்ற சொற்களோடு இரண்டு எண்கள் போட்டியிட்டால், எது திருத்தப்பட்டது, எது திருத்தம் என்பது மங்கிப்போகிறது.

ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் நெல்சன் லியூவும் சக ஆய்வாளர்களும் 2023இல் இதை அளந்து பார்த்தார்கள். ஒரு கேள்வி, அதோடு 20 ஆவணங்கள். விடை அவற்றில் ஒன்றில் மட்டும். விடை உள்ள ஆவணத்தின் இடத்தை மட்டும் மாற்றிக்கொண்டே போனார்கள். அப்போதைய ஜிபிடி-3.5 டர்போ, விடை முதலில் இருந்தபோது சுமார் 76 சதவீதம் சரியாகச் சொன்னது. கடைசியில் இருந்தபோது 63. நடுவில் இருந்தபோது 54. ஆவணம் எதுவும் கொடுக்காமல் கேட்டபோதுகூட 56 சதவீதம் சரியாக இருந்தது. அதாவது, கையில் இருந்த விடையே நடுவில் மாட்டிக்கொண்டால் உதவவில்லை.

அதன் பிறகு வந்த மாடல்கள் நீண்ட உரைக்குள் ஒளிந்திருக்கும் ஒற்றை வாக்கியத்தைத் தேடி எடுப்பதில் வெகுவாக முன்னேறியிருக்கின்றன. ஒரே மாதிரியான பல தகவல்களுக்குள் சரியானதைப் பிரித்தெடுப்பது இன்னும் அவற்றுக்குச் சிரமம்தான். கல்யாண வீட்டின் மூன்று வேளைக் கணக்கும் ஒரு திருத்தமும் அந்த வகை.

இன்னொரு காரணமும் உண்டு. ஒரு மாடல் ஒரே சமயத்தில் படிக்கக்கூடிய அளவுக்கு வரம்பு இருக்கிறது. பேச்சு அதைத் தாண்டினால், சில செயலிகள் பழைய பகுதியை வெட்டிவிடுகின்றன. சில அதைச் சுருக்கமாக மாற்றி வைத்துக்கொள்கின்றன. அப்போது நாம் சொன்ன வாக்கியமே மாடலுக்கு முன் இருக்காது. ஆனாலும் ‘நீங்கள் சொன்னீர்கள்’ என்ற அதே உறுதியான தொனியில்தான் பதில் வரும். தொனியை வைத்துச் சரி தவறை ஊகிக்க முடியாது.

கண்டுபிடிக்க எளிய வழி, பட்டியல் கேட்பதற்கு முன், ‘எண்ணிக்கை பற்றி நான் எழுதிய வரிகளை அப்படியே வரிசையாக எடுத்துப் போடு’ என்று கேட்பது. வந்த வரிகளை உரையாடலில் மேலே தேடிப் பார்க்கலாம். சொல்லுக்குச் சொல் இருந்தால் அது மேற்கோள். கருத்து மட்டும் இருந்து சொற்கள் வேறாக இருந்தால், மாடல் தானாக எழுதிக்கொண்டது. இப்படி எடுத்துப் போடச் சொல்வதில் இன்னொரு பயனும் இருக்கிறது: நடுவில் கிடந்த எண்கள் உரையாடலின் கடைசிக்கு வந்துவிடுகின்றன. பணமோ மருந்தின் அளவோ சம்பந்தப்பட்டிருந்தால், இறுதி எண்களை மட்டும் நாமே தட்டச்சு செய்து, புதிய உரையாடலைத் தொடங்கி, பட்டியலை அங்கே கேட்பது பாதுகாப்பு. திருத்தப்பட்ட பழைய 450 அந்த உரையாடலில் எங்கும் இருக்காது.