பதினொரு பக்கத்தில் தொலைந்த பதினெட்டு நிமிடம்

நண்பரின் மகள் ஒரு மின்னஞ்சல் அனுப்பியிருந்தாள். பகுப்பாய்வு வேதியியலில் பிஎச்.டி. முடித்து ஒரு வருடம் ஆகிறது. பேராசிரியர் வேலை கிடைக்கும் வழியைக் காணோம். மருந்து கம்பெனிகளுக்கு முப்பது விண்ணப்பம் போட்டும் ஒன்றிலிருந்தும் அழைப்பு வரவில்லை. “மாமா, கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க” என்று எழுதி, கூடவே ஒரு கோப்பை இணைத்திருந்தாள். அதன் பெயர் `CV_final_new3.docx`. திறந்தால் பதினொரு பக்கம்.

மருந்து கம்பெனி ஒன்றின் பகுப்பாய்வுப் பிரிவில் இருபது வருடமாக இருக்கிறேன். ஆளெடுக்கும் சமயத்தில் ரெசுமேக்கள் கட்டுக்கட்டாக என் மேஜைக்கு வரும். முதல் பக்கத்தின் மேல்பாதியைப் பார்ப்பேன். நமக்கு வேண்டிய ஆள்தான் என்று அதற்குள் தோன்றாவிட்டால், உண்மையைச் சொல்கிறேன், இரண்டாம் பக்கத்தைப் புரட்டுவதில்லை. இவளுடைய முதல் பக்க மேல்பாதியில் இருந்தது அப்பா பெயர், பிறந்த தேதி, திருமணமானவரா இல்லையா என்ற விவரம், நிரந்தர முகவரி, தற்காலிக முகவரி. அதன் கீழே பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணிலிருந்து ஒரு அட்டவணை தொடங்கியது. ஆய்வேட்டின் தலைப்பு வருவதே இரண்டாம் பக்கத்தில்தான். அதற்குப் பின் கட்டுரைகள், கருத்தரங்குகள், கலந்துகொண்ட பயிலரங்குகள் இருபத்து மூன்று, நான்கு பேராசிரியர்களின் தொலைபேசி எண், கடைசியில் மேற்கண்டவை யாவும் உண்மை என்ற உறுதிமொழியும் கையெழுத்தும்.

இதில் எதுவும் தவறில்லை. பல்கலைக்கழகத் தேர்வுக்குழுவிடம் கொடுக்க இப்படித்தான் இருக்க வேண்டும். அங்கே ஒவ்வொரு கட்டுரைக்கும் கருத்தரங்குக்கும் புள்ளி உண்டு. ஒன்றை விட்டால் ஒரு புள்ளி போச்சு. அதனால் கல்வித்துறை சி.வி. என்பது வருடா வருடம் வளரும் ஒரு பதிவேடு. கம்பெனி கேட்கும் ரெசுமே அப்படியல்ல. ஒரு விளம்பரத்தில் கேட்ட கேள்விக்கு இரண்டு பக்கத்தில் சொல்லும் பதில் அது. பதிவேட்டைச் சுருக்கினால் பதில் வந்துவிடும் என்று நினைப்பதில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். இவளும் ஒருமுறை எழுத்தளவைக் குறைத்துப் பதினொன்றை ஆறு பக்கமாக்கிப் பார்த்தாளாம்.

அவளை நேரில் வரச் சொன்னேன். சி.வி.யை மூடி வைத்துவிட்டு, “அஞ்சு வருஷம் லேபில் என்னம்மா செஞ்ச, கதையா சொல்லு” என்றேன்.

ரத்த அழுத்த மாத்திரை ஒன்றில் கலந்திருக்கும் மாசுகளைப் பிரித்து அளப்பதுதான் அவள் ஆய்வு. ஹெச்பிஎல்சி என்ற கருவி இதற்கு உதவுகிறது. நுண்ணிய தூள் அடைத்த ஒரு எஃகுக் குழாய் வழியாக மருந்துக் கரைசலை அழுத்தத்தில் செலுத்துவார்கள். அதில் உள்ள ஒவ்வொரு பொருளும் ஒவ்வொரு நேரத்தில் வெளியே வரும். கணினித் திரையில் ஒவ்வொன்றும் ஒரு மேடாகத் தெரியும். அந்தக் குழாயைக் காலம் என்போம். அவள் சேர்ந்தபோது லேபில் இருந்த முறையில் ஒரு மாதிரியை ஓட்ட 45 நிமிடம் பிடித்தது. “ஒரே கருவி, ஆறு பேர் வரிசையில நிப்போம். பொறுமை போயிடுச்சு மாமா. 250 மில்லிமீட்டர் காலத்தை எடுத்துட்டு, இன்னும் பொடி தூள் அடைச்ச 150 மில்லிமீட்டர் காலம் போட்டேன். கரைப்பானோட விகிதத்தையும் மாத்தினேன். 18 நிமிஷத்துல முடிஞ்சுது” என்றாள் சர்வசாதாரணமாக.

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். “இது சி.வி.ல எங்க இருக்கு?”

இல்லை. ஆய்வேட்டில் நாலாவது அத்தியாயத்தில் ஒரு வரி இருக்கிறது. ஐந்தாவது மாசின் மூலக்கூறு வடிவத்தைக் கண்டுபிடித்ததுதான் கட்டுரையாக வந்தது. மதிப்பீட்டாளர்கள் பாராட்டியதும் அதைத்தான். புதிய அறிவு எது என்பது அவர்கள் கேள்வி. நேரம் குறைந்ததில் அறிவியல் புதுமை ஒன்றும் இல்லை என்பதும் நியாயமே.

ஆனால் கம்பெனிக்காரன் காதில் அது எப்படி விழும் தெரியுமா? ஒரு நாளுக்கு 1,440 நிமிடம். 45 நிமிடமானால் ஒரு கருவியில் 32 ஓட்டம். 18 நிமிடமானால் 80. நிமிடத்துக்கு ஒரு மில்லிலிட்டர் கரைப்பான் ஓடுகிறது என்றால், ஓட்டத்துக்கு 27 மில்லிலிட்டர் மிச்சம். அந்தக் கரைப்பான் அசிட்டோநைட்ரைல். விலை குறைந்த சரக்கல்ல. இன்னொரு கருவி வாங்கக் கோப்பு நகர்த்திக்கொண்டிருக்கும் மேலாளருக்கு இந்த ஒரு வரி போதும், அவளைக் கூப்பிட.

அவள் முன்பு எழுதியிருந்தது இது (ரெசுமே ஆங்கிலத்தில்தான் எழுதுகிறோம், புரிவதற்காகத் தமிழில் தருகிறேன்): ‘ரத்த அழுத்த மருந்தொன்றின் தொடர்புடைய பொருட்களைக் கண்டறிய வண்ணப்படிவுப் பகுப்பாய்வு முறைகள் உருவாக்கப்பட்டு மதிப்பிடப்பட்டன.’ யார் உருவாக்கினார்கள், எதனால், என்ன ஆயிற்று, ஒன்றும் தெரியாது. மாற்றி எழுதியது: ‘ஐந்து மாசுகளைப் பிரிக்கும் ஹெச்பிஎல்சி முறையை மாற்றியமைத்து, ஓட்ட நேரத்தை 45 நிமிடத்திலிருந்து 18 ஆகக் குறைத்தேன், நெருங்கி வரும் இரு மேடுகளுக்கிடையே ரெசல்யூஷன் 2-க்குக் குறையாமல் காத்தேன்.’ கடைசிப் பகுதி அலங்காரத்துக்காகச் சேர்த்ததல்ல. நேரத்தைக் குறைத்தால் மேடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். துறை தெரிந்தவர் முதலில் சந்தேகப்படுவது அதைத்தான். அதற்கு அந்த வரியே பதில் சொல்லிவிடுகிறது.

‘உருவாக்கப்பட்டன’ என்பது ‘குறைத்தேன்’ ஆனதில் அவளுக்குக் கூச்சம். ஆய்வகத்தில் எல்லாமே ‘நாங்கள்’தான், வழிகாட்டி பெயர் இல்லாமல் மூச்சு விடுவதுகூட மரியாதைக்குறைவு. ஆனால் நேர்காணலில் இதில் நீங்கள் செய்தது எது என்றுதான் கேட்பார்கள். காலத்தை மாற்றியது அவள். ‘நான்’ என்று எழுதலாம். மூலக்கூறு வடிவத்தை உறுதிசெய்ய வேறொரு நிறுவனத்தில் என்எம்ஆர் எடுத்தார்கள், அங்கே ‘நாங்கள்’தான்.

பேசப் பேச இன்னும் வந்தது. கருவி பழுதானால் பொறியாளரைக் கூப்பிட்டு நிற்பது அவள்தான். ரசாயனம் வாங்க அரசின் ஜெம் தளத்தில் விலை பார்த்து ஒப்பீட்டுப் பட்டியல் போட்டதும் அவள்தான். எம்.எஸ்சி. மாணவர்கள் எட்டுப் பேருக்குக் கருவி ஓட்டக் கற்றுக்கொடுத்து, அவர்களுக்காக இரண்டு பக்கத்தில் ஒரு செய்முறைக் குறிப்பும் எழுதியிருக்கிறாள். எங்கள் ஊர்ப் பேச்சில் அதன் பெயர் எஸ்.ஓ.பி. பதினொரு பக்கத்தில் இவற்றுக்கு ஒரு வரிகூட இல்லை. கட்டுரையாக அச்சேறாத எதையும் அவள் வேலையாகவே கணக்கில் வைக்கவில்லை.

பிறகு வெட்டும் படலம். ஏழு கட்டுரைகளின் பட்டியல் ஒன்றரைப் பக்கம். அதை ‘ஏழு ஆய்வுக்கட்டுரைகள், நான்கில் முதல் ஆசிரியர்’ என்று ஒரு வரியாக்கி, இந்த வேலைக்குத் தொடர்புள்ள ஒன்றின் விவரத்தை மட்டும் கீழே வைத்தோம். “இதையும் எடுத்துட்டா என்கிட்ட என்ன மாமா இருக்கு?” என்றாள். குரல் உடைந்திருந்தது. நான் பதில் சொல்லாமல் காபி போடப் போனேன். சில கேள்விகளுக்கு அதுதான் பதில். புதிய மருந்து கண்டுபிடிக்கும் பிரிவுக்கு விண்ணப்பித்தால் கட்டுரைப் பட்டியல் தனித்தாளாகப் போகட்டும் என்று பிறகு சொன்னேன். அங்கே கேட்பார்கள்.

காப்புரிமை என்ற தலைப்பில் ‘பதிப்பிக்கப்பட்டது’ என்று ஒன்று இருந்தது. இந்தியாவில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தால் பொதுவாக 18 மாதம் கழித்துத் தானாகவே அரசு இதழில் வெளியாகும். அது வழங்கப்பட்டதாகாது; இன்னும் பரிசோதிக்கவே ஆரம்பித்திருக்கமாட்டார்கள். கம்பெனியின் சட்டப்பிரிவு ஒரே நிமிடத்தில் பார்த்துவிடும். ‘விண்ணப்பம் நிலுவையில்’ என்று மாற்றினோம்.

ஐந்து வருட பிஎச்.டி.யை எங்கே வைப்பது? கல்வி என்ற தலைப்பில் மட்டும் இருந்தால், முப்பது வயதில் இன்னும் மாணவி என்று படிப்பவர் கடந்துபோவார். ‘பணி அனுபவம்’ என்ற தலைப்பில், ஆய்வாளர், பல்கலைக்கழக வேதியியல் துறை என்று போட்டு, அதன் கீழே மேற்சொன்ன வரிகளை வைக்கலாம். அதில் பொய்யில்லை. ஆனால் ‘தொழில்துறை அனுபவம் எத்தனை வருடம்’ என்று படிவம் கேட்டால் பூஜ்யம்தான் எழுத வேண்டும். ஃபெலோஷிப் சம்பளமல்ல, அதற்கு பி.எஃப். பிடிப்பதில்லை. வேலை உறுதியானபின் பின்னணி சரிபார்க்கும் ஆட்கள் முதலில் தோண்டுவது பி.எஃப். கணக்கைத்தான். ஐந்து என்று எழுதிவிட்டு அங்கே மாட்டிக்கொண்ட ஒரு பையனை நான் அறிவேன்.

இதைவிடப் பெரிய பொறி ‘வேலிடேஷன்’ என்ற சொல். ஒரு முறை நம்பத்தக்கதா என்று துல்லியம், நேர்கோட்டுத்தன்மை, குறைந்தபட்சம் எவ்வளவைக் கண்டுபிடிக்கும் என்பதையெல்லாம் ஐசிஎச் வழிகாட்டுதலின்படி சோதிப்பது அது. அவள் இதைச் செய்திருக்கிறாள். ஆனால் மருந்து ஆலையில் ஜிஎம்பி விதிப்படி செய்வது வேறு. அங்கே எடை போட்ட சீட்டிலிருந்து எல்லாம் பதிவாக வேண்டும், இன்னொருவர் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும், கணினியில் யார் எதை எப்போது மாற்றினார்கள் என்ற தடம் அழியாமல் இருக்க வேண்டும். பல்கலைக்கழக லேபில் நோட்டுப் புத்தகத்தோடு சரி. அதனால் ‘ஐசிஎச் வழிகாட்டுதலின்படி, பல்கலைக்கழக ஆய்வகத்தில்’ என்று வெளிப்படையாக எழுதினோம். ஜிஎம்பி என்ற சொல்லை ரெசுமேயில் எங்கும் சேர்க்கவில்லை.

வடிவத்தில் ஒன்றே ஒன்று. இணையத்தில் எடுத்த இரண்டு பத்தி வார்ப்புருவில் கொட்ட நினைத்தாள், பார்க்க அழகாக இருக்கிறதென்று. பல கம்பெனிகளில் ரெசுமேயை முதலில் ஒரு மென்பொருள் உரித்தெடுத்துக் கட்டங்களில் போடும். இரண்டு பத்தியை அது குறுக்காகப் படித்துக் குழப்பிவிடலாம். கோப்பைத் திறந்து Ctrl+A, Ctrl+C அடித்து, நோட்பேடில் ஒட்டிப் பார்க்கச் சொன்னேன். ‘ஹெச்பிஎல்சி’க்குப் பக்கத்தில் அவள் தொலைபேசி எண் போய் உட்கார்ந்திருந்தது. ஒற்றைப் பத்திக்கே திரும்பினோம்.

இரண்டு பக்கம் ஆனது. பழைய பதினொரு பக்கத்தை அழிக்கவில்லை, அது சரக்கறை. தரக்கட்டுப்பாட்டு வேலை என்றால் எஸ்.ஓ.பி.யும் கருவிப் பராமரிப்பும் மேலே ஏறும், முறை உருவாக்கும் வேலை என்றால் 18 நிமிடம் மேலே ஏறும்.

ஆறு வாரத்தில் ஹைதராபாத்திலிருந்து ஒரு நேர்காணல். இரவு போனில் சொன்னாள்: “காலத்தை மாத்தினப்ப அழுத்தம் எவ்வளவு ஏறுச்சுன்னு கேட்டாங்க மாமா. தூள் பொடியானா ஏறத்தானே செய்யும், ஒன்றரை மடங்குக்கு மேலன்னு சொன்னேன். கருவி தாங்குச்சான்னாங்க. தாங்குச்சுன்னேன். அப்புறம் ஜிஎம்பி-ல வேலை செஞ்சிருக்கீங்களான்னு கேட்டாங்க. இல்லைன்னேன்.”

“அதுக்கு?”

“சரின்னுட்டு, திரும்பவும் அந்தப் பதினெட்டு நிமிஷத்துக்கே வந்துட்டாங்க.”