850 ரூபாய்ப் பங்கும் 115 ரூபாய் டிவிடெண்டும்

2023 ஜனவரி 9-ஆம் தேதி டிசிஎஸ் நிறுவனத்தின் இயக்குநர் குழு கூடி, பங்கு ஒன்றுக்கு 75 ரூபாய் தருவதாக அறிவித்தது. வழக்கமான இடைக்கால டிவிடெண்ட் 8 ரூபாய், சிறப்பு டிவிடெண்ட் 67 ரூபாய். அந்த நிதியாண்டில் ஏற்கெனவே இரண்டு முறை எட்டு எட்டாகக் கொடுத்திருந்தார்கள். ஆண்டு முடிந்ததும் இறுதி டிவிடெண்டாக 24 ரூபாய் சேர்ந்தது. கூட்டினால் 2022-23 நிதியாண்டுக்கு 115 ரூபாய்.

இதைச் சதவீதத்தில் சொல்லச் சொன்னால் நான்கு பேர் நான்கு விடை சொல்வார்கள். டிசிஎஸ் பங்கின் முக மதிப்பு 1 ரூபாய் என்பதால் 11,500 சதவீதம் என்பார் ஒருவர். 108 என்பார் இன்னொருவர். 3.6 என்பார் மூன்றாமவர். ஒன்றரைக்கு மேல் இல்லை என்பார் நான்காமவர். யாரும் தப்பாகக் கணக்குப் போடவில்லை. 115-ஐ எதனால் வகுப்பது, 115-இல் எவ்வளவை எடுத்துக்கொள்வது என்பதில்தான் வித்தியாசம்.

முதல் விடையை உடனே தள்ளிவிடலாம். முக மதிப்பு என்பது பங்குப் பத்திரத்தில் அச்சாகும் எண். அந்த விலைக்கு யாரும் பங்கு வாங்குவதில்லை. ஆனாலும் டிவிடெண்டை முக மதிப்பின் சதவீதமாகச் சொல்லும் பழைய வழக்கம் இன்னும் தொடர்கிறது. ‘500 சதவீத டிவிடெண்ட்’ என்று செய்தி வந்தால், முக மதிப்பைப் பார்த்து அதை ரூபாயாக மாற்றிக்கொண்ட பிறகே மேலே போக வேண்டும். முக மதிப்பு 2 ரூபாய் என்றால் அது பங்குக்கு 10 ரூபாய், அவ்வளவுதான்.

108 எங்கிருந்து வந்தது? 2004-இல் டிசிஎஸ் முதன்முறையாகப் பொதுமக்களுக்குப் பங்கு வெளியிட்டபோது விலை 850 ரூபாய். திருச்சியில் ஒரு பள்ளி ஆசிரியருக்கு அப்போது 10 பங்குகள் கிடைத்தன என்று வைத்துக்கொள்வோம். கையிலிருந்து போனது 8,500 ரூபாய். அதன் பிறகு 2006, 2009, 2018 ஆகிய மூன்று ஆண்டுகளில் நிறுவனம் ஒன்றுக்கு ஒன்று போனஸ் பங்கு கொடுத்தது. 10 இருபதாகி, இருபது நாற்பதாகி, நாற்பது எண்பதானது. புதிதாக ஒரு பைசாவும் போடவில்லை. ஆகவே ஒரு பங்கின் அடக்க விலை 8,500-ஐ 80-ஆல் வகுத்து வரும் 106 ரூபாய் 25 காசு.

இப்போது 115-ஐ 106.25-ஆல் வகுத்தால் 108 சதவீதம். ரொக்கமாகப் பார்த்தாலும் அதேதான்: 80 பங்குக்கு 9,200 ரூபாய். போட்ட முதலைவிட ஓராண்டு டிவிடெண்ட் அதிகம்.

இந்த இடத்தில் பலர் சறுக்குவது போனஸில்தான். பழைய ஒப்பந்தச் சீட்டில் 850 என்று இருப்பதைப் பார்த்து 115-ஐ 850-ஆல் வகுத்து 13.5 சதவீதம் என்று எழுதிவிடுவார்கள். இன்றைய டிவிடெண்ட் இன்றைய பங்குக்கு உரியது. அடக்க விலையையும் இன்றைய பங்கு எண்ணிக்கைக்குக் கொண்டுவந்த பிறகே வகுக்க வேண்டும். சந்தேகம் வந்தால் ‘ஒரு பங்குக்கு’ என்பதை விட்டுவிட்டு, கிடைத்த மொத்த டிவிடெண்டைப் போட்ட மொத்தப் பணத்தால் வகுத்துப் பார்க்கலாம். 9,200-ஐ 8,500-ஆல் வகுத்தால் அதே 108 வரும். வரவில்லை என்றால் எங்கோ ஒரு போனஸோ பங்குப் பிரிப்போ விட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம்.

சரி, ஆசிரியரின் பணம் 108 சதவீதம் சம்பாதிக்கிறதா? இல்லை. 2023 மார்ச் 31 அன்று சந்தையில் டிசிஎஸ் விலை சுமார் 3,200 ரூபாய். அன்று அவர் 80 பங்குகளையும் விற்றிருந்தால் கைக்கு வந்திருக்கக்கூடியது 2 லட்சத்து 56 ஆயிரம். அன்றைய தேதியில் பங்கில் முடங்கியிருக்கும் பணம் அதுதான், 2004-இல் கொடுத்த 8,500 அல்ல. 115-ஐ 3,200-ஆல் வகுத்தால் 3.6 சதவீதம். வைத்திருப்பதா, விற்று வேறொன்றில் போடுவதா என்று யோசிப்பவருக்கு உதவுவது இந்த எண். அடக்க விலையில் போடும் கணக்கு 2004-இல் எடுத்த முடிவு எப்படிப் பலித்தது என்பதைத்தான் காட்டும்.

இரண்டையும் கலந்தால் குழப்பம் கூடும். அதே ஆசிரியர் 2022-இல் 3,500 ரூபாய் விலையில் இன்னும் 20 பங்குகள் வாங்கினார் என்று கொள்வோம். செலவு 70,000. இப்போது 100 பங்கு, மொத்த முதல் 78,500, சராசரி 785. 115-ஐ 785-ஆல் வகுத்தால் 14.6 சதவீதம் வருகிறது. டீமேட் செயலி சராசரி விலையைத்தான் காட்டும் என்பதால் கண்ணில் முதலில் படும் கணக்கு இதுவே. ஆனால் புதிதாகப் போட்ட 70,000 ரூபாய்க்கு வந்தது 2,300 ரூபாய்தான், அதாவது 3.3 சதவீதம். பழைய மலிவுப் பங்குகள் புதிய பங்கின் மெலிவை மூடிவிட்டன. வாங்கிய ஒவ்வொரு தவணைக்கும் டைரியில் தனி வரி போட்டு எழுதினால்தான் இது தெரியவரும்.

மீதி இருப்பது நான்காமவரின் விடை. 115-இல் 67 ரூபாய் சிறப்பு டிவிடெண்ட். கையில் சேர்ந்த உபரி ரொக்கத்தை நிறுவனம் ஒருமுறை பிரித்துக் கொடுப்பது அது. அடுத்த ஆண்டும் வரும் என்ற கணக்கில் சேராது. அதைக் கழித்தால் வழக்கமான டிவிடெண்ட் 48 ரூபாய். 3,200-க்கு 48 என்றால் 1.5 சதவீதம். ஓய்வுக்காலத்தில் வீட்டுச் செலவுக்கு டிவிடெண்டை நம்புகிறவர் எழுதிக்கொள்ள வேண்டியது இந்த ஒன்றரையைத்தான். செயலிகள் பெரும்பாலும் கடந்த 12 மாத டிவிடெண்ட் முழுவதையும் கூட்டி வகுத்துக் காட்டுவதால் சிறப்பு டிவிடெண்டும் அதற்குள் கலந்துவிடும்.

இந்த 48 தொடர்ந்து வருமா என்பதற்கு பே-அவுட் விகிதம் வேண்டும். ஒரு பங்குக்கு ஈட்டிய லாபத்தில் எத்தனை சதவீதத்தை டிவிடெண்டாகக் கொடுத்தார்கள் என்பதே அது. வாங்கிய விலைக்கோ சந்தை விலைக்கோ இதில் வேலை இல்லை. இரண்டு எண்களும் ஆண்டறிக்கையிலேயே இருக்கின்றன. டிவிடெண்ட் விவரம் இயக்குநர் குழு அறிக்கையின் தொடக்கப் பக்கங்களில் இருக்கும். ஒரு பங்குக்கான லாபம், அதாவது ஈபிஎஸ், லாப நட்டக் கணக்கின் கடைசி வரிகளில் இருக்கும்.

ஆண்டறிக்கையில் லாப நட்டக் கணக்கு இரண்டு முறை வரும் என்பது பலருக்குத் தெரியாது. ஒன்று தனி நிறுவனக் கணக்கு, மற்றது துணை நிறுவனங்களையும் சேர்த்த ஒருங்கிணைந்த கணக்கு. 2022-23-இல் டிசிஎஸ்ஸின் தனிக் கணக்கில் ஈபிஎஸ் சுமார் 107 ரூபாய், ஒருங்கிணைந்த கணக்கில் 115 ரூபாய் 19 காசு. முதலாவதை எடுத்தால் பே-அவுட் 107 சதவீதத்தைத் தாண்டி, லாபத்தைவிட அதிகமாகக் கொடுத்துவிட்டார்கள் என்று தோன்றும். இரண்டாவதை எடுத்தால் 100 சதவீதத்துக்கு ஒரு மயிரிழை குறைவு. குழுமம் முழுவதும் ஈட்டியதில் பங்குதாரருக்கு எவ்வளவு போனது என்று அறிய ஒருங்கிணைந்த எண்தான் பொருத்தம். எதை எடுத்தாலும் எல்லா ஆண்டுக்கும் அதையே எடுக்க வேண்டும்.

லாபம் முழுவதையும் கொடுத்துவிட்டால் நாளைக்கு என்ன என்ற பயம் இங்கே நியாயமாகவே எழும். ஓர் ஆண்டை மட்டும் பார்ப்பதால் வரும் பயம் அது. நான்கு ஆண்டுகளை வரிசையாக வைத்தால் படம் மாறுகிறது. 2021-22 முதல் 2024-25 வரை டிசிஎஸ் கொடுத்த மொத்த டிவிடெண்ட் முறையே 43, 115, 73, 126 ரூபாய். ஏறி இறங்கி ஒரு ஒழுங்கும் இல்லாததுபோல் தெரிகிறது. சிறப்பு டிவிடெண்டைக் கழித்துவிட்டால் 43, 48, 55, 60. அதே ஆண்டுகளில் ஈபிஎஸ் சுமார் 104, 115, 126, 134. வகுத்துப் பார்த்தால் வழக்கமான டிவிடெண்டின் பே-அவுட் நான்கு ஆண்டும் 41-க்கும் 45-க்கும் நடுவிலேயே நிற்கிறது.

அப்படியானால் சிறப்பு டிவிடெண்ட் ஓர் ஆண்டு 67, ஓர் ஆண்டு 18, ஓர் ஆண்டு 66, 2021-22-இல் மட்டும் ஒன்றுமே இல்லை, ஏன்? விடை டிவிடெண்ட் பக்கத்தில் இல்லை. 2022 மார்ச்சில் டிசிஎஸ் 18,000 கோடி ரூபாய்க்குத் தன் பங்குகளைத் தானே திரும்ப வாங்கியது. 2023 டிசம்பரில் 17,000 கோடிக்கு மறுபடி வாங்கியது. பங்குகளைத் திரும்ப வாங்கிய ஆண்டுகளில் சிறப்பு டிவிடெண்ட் இல்லை, அல்லது குறைவு. வாங்காத ஆண்டுகளில் அதிகம். இரண்டு வழியிலும் பணம் பங்குதாரருக்குத்தான் போகிறது, ஆனால் பே-அவுட் விகிதத்தில் டிவிடெண்ட் மட்டுமே சேரும். 2021-22-இல் 41 சதவீதம் என்பதைப் பார்த்து ‘கஞ்சத்தனம்’ என்று சொல்கிறவர் அந்த 18,000 கோடியைப் பார்க்காதவர்.

கணக்கைச் சரிபார்க்க வங்கிப் புத்தகத்தைத் திறந்தால் அங்கே வேறு எண் இருக்கும். 2022 ஏப்ரல் முதல் 2023 மார்ச் வரை டிசிஎஸ் பங்குதாரருக்கு வந்தது பங்குக்கு 115 அல்ல, 113 ரூபாய். அந்த ஆண்டுக்கான இறுதி டிவிடெண்ட் 24 ரூபாய், ஜூன் மாத ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்குப் பிறகுதான் வரும். முந்தைய ஆண்டின் இறுதி டிவிடெண்ட் 22 ரூபாய் இந்த ஆண்டுக்குள் விழுந்திருக்கும். பே-அவுட் போடும்போது ‘அந்த ஆண்டுக்காக’ அறிவித்ததை எடுக்க வேண்டும். ‘அந்த ஆண்டில்’ வரவு வந்தது வருமான வரிக்கு.

அந்த 113-ம் முழுதாக வந்திருக்காது. 2020 ஏப்ரலிலிருந்து டிவிடெண்டுக்கு வரி கட்டுவது வாங்குகிறவர் பொறுப்பு. ஒரு நிறுவனம் ஒருவருக்கு ஆண்டில் 5,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் 10 சதவீதம் பிடித்துக்கொண்டு அனுப்பும். 2025 ஏப்ரல் முதல் இந்த வரம்பு 10,000 ரூபாய். ஆகவே டைரியில் எழுத வேண்டியது பிடித்தத்துக்கு முந்தைய தொகை. வங்கி வரவை மட்டும் வைத்து வகுத்தால் 80 பங்கு வைத்திருக்கும் ஆசிரியருக்கு விகிதம் பத்தில் ஒரு பங்கு குறைந்து தெரியும்.

2024-25 ஆண்டறிக்கை வந்ததும் அவர் டைரியில் இரண்டு வரிகள் சேர்ந்திருக்கும். 2004-இல் கிடைத்த 80 பங்குக்கு வழக்கமான டிவிடெண்ட் 4,800 ரூபாய், அடக்க விலையில் 56 சதவீதம். 2022-இல் வாங்கிய 20 பங்குக்கு 1,200 ரூபாய், 1.7 சதவீதம். சிறப்பு டிவிடெண்ட் 66 ரூபாய் இரண்டு வரியிலும் ஓரத்தில் தனியாக எழுதப்பட்டிருக்கும், கூட்டலில் சேராமல்.