சுவருக்கு வெள்ளையடித்தால் விளக்கு மிச்சம்

வீட்டுக்குப் புரொஜெக்டர் வாங்குகிறவர்கள் முதலில் பார்ப்பது பெட்டியில் அச்சிட்டிருக்கும் லூமன் எண்ணை. அடுத்து விலையை. படம் விழப்போகும் சுவரைப் பற்றி யோசிப்பது பெரும்பாலும் கருவி வீட்டுக்கு வந்த பிறகுதான். ஆனால் நம் கண்ணுக்கு வந்து சேரும் வெளிச்சத்தில் சுவருக்கும் பாதிப் பங்கு உண்டு. சுவர் விழுங்கிவிடும் ஒளியை விளக்குதான் ஈடுகட்டியாக வேண்டும்; அந்தச் செலவு மின்கட்டணத்திலும் புது விளக்கின் விலையிலும் நம் தலையில் விழும். அதனால் சுவரையும் விளக்கையும் சேர்த்தே முடிவு செய்ய வேண்டும் என்பது என் கருத்து.

ஒரு சாதாரண வீட்டுக் கூடத்தை எடுத்துக்கொள்வோம். சுவரில் 100 அங்குலப் படம். அதாவது ஏழேகால் அடி அகலம், நாலடிக்குச் சற்று அதிகமான உயரம், ஏறத்தாழ முப்பது சதுர அடிப் பரப்பு. விளக்கு வைத்த 3,000 லூமன் புரொஜெக்டர். வீட்டில் எல்லோருமாகச் சேர்த்து நாளைக்கு மூன்று மணி நேரம் பார்க்கிறார்கள், அதுவும் இரவில், விளக்கை அணைத்துவிட்டு.

இந்தக் கருவிகளின் மெனுவில் `Lamp Mode` என்று ஒன்று இருக்கும். அதில் குறைந்தது `Normal`, `Eco` என்ற இரண்டு நிலைகள். `Normal` நிலையில் விளக்கு முழுச் சக்தியில் எரியும். `Eco` நிலையில் விளக்குக்குப் போகும் மின்சாரம் குறையும், வெளிச்சம் கருவிக்குக் கருவி நூற்றுக்கு இருபத்தைந்திலிருந்து முப்பத்தைந்து வரை இறங்கும். மின்விசிறியின் சத்தமும் தணியும். மெல்லிய பேச்சு வரும் காட்சிகளில் அந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். படத்தின் நிறங்களை மாற்றும் `Cinema`, `Bright` போன்ற படநிலைகள் வேறு, இது வேறு. பெட்டியில் போட்டிருக்கும் 3,000 லூமன் பெரும்பாலும் `Bright` நிலையில், விளக்கு முழுச் சக்தியில் எரியும்போது கிடைப்பது. அந்த நிலையில் முகங்களெல்லாம் பச்சை தட்டித் தெரியும். நிறம் ஒழுங்காக வரும் `Cinema` நிலைக்குப் போனால் வெளிச்சம் ஏறத்தாழ பாதியாகிவிடும். ஆகவே நம் கணக்கை 3,000 லூமனில் தொடங்கக் கூடாது, 1,500 லூமனில் தொடங்க வேண்டும்.

இப்போது பணக் கணக்கு. முழுச் சக்தியில் கருவி 300 வாட் இழுக்கிறது, `Eco` நிலையில் 220 வாட் என்று கொள்வோம். யூனிட் 8 ரூபாய். புது விளக்கு 10,000 ரூபாய். விளக்கின் ஆயுள் முழுச் சக்தியில் 5,000 மணி, `Eco` நிலையில் 10,000 மணி. முழுச் சக்தியில் ஒரு மணி நேரத்துக்கு மின்சாரம் 2 ரூபாய் 40 காசு, விளக்குத் தேய்மானம் 2 ரூபாய். `Eco` நிலையில் மின்சாரம் 1 ரூபாய் 76 காசு, தேய்மானம் 1 ரூபாய். மணிக்கு 1 ரூபாய் 64 காசு மிச்சம். நாளைக்கு மூன்று மணி நேரம் என்றால் வருடத்துக்குச் சுமார் 1,800 ரூபாய். இதில் பெரும்பகுதி விளக்கில் மிச்சமாவது, மின்கட்டணத்தில் அல்ல. மின்மீட்டரை மட்டும் பார்த்துவிட்டு 'இதில் என்ன பெரிசாக மிச்சம்' என்று கேட்பவர்கள் தவறவிடுவது இதைத்தான். தயாரிப்பாளர் சொல்லும் ஆயுள் மணிகள் விளக்கு அணைந்துபோகும் கணக்கு அல்ல, வெளிச்சம் பாதியாகக் குறைவதற்கான கணக்கு என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

இனி சுவர். நல்ல வெள்ளை மேட் எமல்ஷன் அடித்த சுவர், தன்மேல் விழும் ஒளியில் நூற்றுக்கு எண்பத்தைந்து பங்கைத் திருப்பித் தரும். நம் வீடுகளில் பரவலாக இருக்கும் சந்தன நிறமும் க்ரீம் நிறமும் இதைவிடக் குறைவாகவே தரும். படத்தில் இருக்கும் வெள்ளைச் சட்டையை மஞ்சளாகவும் காட்டும். நீலம் கலந்து சுண்ணாம்பு அடித்த பழைய சுவரில் நிறம் எதிர்ப்பக்கம் சாயும். புரொஜெக்டரின் நிறத் திருத்தத்தால் இதை ஓரளவு சரிசெய்யலாம். ஆனால் அந்தத் திருத்தம் செய்வதே சில நிறங்களின் வெளிச்சத்தைக் குறைத்துத்தான்.

வெள்ளைச் சுவரில் `Cinema` படநிலை, `Eco` விளக்குநிலை இரண்டையும் சேர்த்து வைத்தால் நம் 100 அங்குலப் படத்துக்கு எவ்வளவு வெளிச்சம் கிடைக்கும்? கணக்குப் போட்டால் ஏறத்தாழ 100 நிட் வருகிறது. டிஜிட்டல் திரையரங்குகளுக்கான அளவு 48 நிட். அதாவது, விளக்கைக் குறைத்து வைத்தும் திரையரங்கைப்போல இரண்டு மடங்கு. விளக்கு பழசாகி வெளிச்சம் பாதியாக இறங்கினாலும் திரையரங்கின் அளவுக்குக் குறைவில்லை. இருட்டான அறையில் முழுச் சக்தியில் எரிக்க இங்கே எந்தத் தேவையும் இல்லை.

இதற்குள் யாராவது வந்து சாம்பல் நிறச் சுவர்தான் நல்லது, கருப்பு கருப்பாகத் தெரியும் என்று சொல்லியிருப்பார்கள். அது பாதி உண்மை. புரொஜெக்டரால் கருப்பை வரைய முடியாது; கருப்பு இருக்க வேண்டிய இடத்திலும் கொஞ்சம் ஒளி கசியும். சாம்பல் சுவர் அந்தக் கசிவையும் விழுங்குவதால் கருப்பு ஆழமாகத் தெரிவது உண்மைதான். ஆனால் அதே விகிதத்தில் வெள்ளையையும் விழுங்கும். நூற்றுக்கு அறுபது பங்கு திருப்பித் தரும் சாம்பல் சுவரில் விளக்கை முழுச் சக்தியில் எரித்தால் கிடைக்கும் வெளிச்சமும், வெள்ளைச் சுவரில் `Eco` நிலையில் கிடைக்கும் வெளிச்சமும் ஏறத்தாழ ஒன்றுதான். கருப்பின் ஆழமும் ஏறத்தாழ ஒன்றுதான், ஏனென்றால் விளக்கைக் குறைக்கும்போது கசிவும் சேர்ந்தே குறைகிறது. சுவரில் பூசிச் செய்யும் வேலையை விளக்கைக் குறைத்தே செய்துவிடலாம், வருடம் 1,800 ரூபாயும் கையில் நிற்கும்.

சாம்பல் நிறம் கூலிக்கு ஏற்ற வேலை செய்வது வெளிச்சம் புகும் அறையில். ஜன்னலிலிருந்தோ பக்கத்து அறையிலிருந்தோ வந்து சுவரில் விழும் ஒளி, விளக்கைக் குறைத்தால் குறையாது. அதைக் குறைக்கச் சுவரால்தான் முடியும். திரைச்சீலை போட முடியாத கூடத்தில் பகலில் கிரிக்கெட் பார்க்கும் வீடு என்றால் வெளிர்சாம்பல் சுவரும் முழுச் சக்தியும் சேர்ந்த ஏற்பாடு நியாயமானது, கூடுதல் செலவுக்குக் கூடுதல் தெளிவு கிடைக்கும். கூரையும் பக்கச் சுவர்களும் வெள்ளையாக இருந்து, படத்தின் ஒளியே அங்கே பட்டுத் திரும்பி வரும் சிறிய அறையிலும் சாம்பலுக்குக் கொஞ்சம் லாபம் உண்டு. ஆனால் ஒரு நல்ல தடித்த திரைச்சீலை வாங்க முடிகிற வீட்டில் அதை வாங்குவதையே நான் சொல்வேன்.

சுவரின் வழவழப்பு நிறத்தைவிடப் பெரிய விஷயம். பளபளப்பு உள்ள பெயின்ட் அடித்தால் படத்தின் நடுவே ஓர் ஒளித்திட்டு தெரியும். நாம் நகர நகர அதுவும் நகரும். மேடு பள்ளங்களைக் கண்டுபிடிக்க ஓர் எளிய வழி: இரவில் எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு, டார்ச்சைச் சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்து ஒளியை ஓடவிடுங்கள். பகலில் சமமாகத் தெரிந்த சுவரில் பெயின்டர் கரண்டி போன தடமும், ஆணி அடித்து அடைத்த இடமும், ரோலர் விட்டுப்போன புள்ளிகளும் நிழலோடு எழுந்து நிற்கும். அந்த முப்பது சதுர அடிக்கு மட்டும் இரண்டு கை பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, தூசியைத் துடைத்து, பிரைமர் அடித்து, வெள்ளை மேட் எமல்ஷன் இரண்டு கோட் கொடுத்தால் போதும். ஒரு லிட்டர் பெயின்டே மிஞ்சும். குட்டையான ரோமமுள்ள ரோலரைக் கேட்டு வாங்குங்கள். நீளமான ரோமம் சுவரில் ஆரஞ்சுத் தோல்போலப் புள்ளி விடும். கடையில் நிறக் கலவை எதுவும் சேர்க்காத வெள்ளையாகக் கேளுங்கள். காய்ந்தபின் ஒரு வெள்ளை ஏ4 தாளைச் சுவரில் ஒட்டி, புரொஜெக்டரில் வெறும் வெள்ளைப் பக்கத்தைப் போட்டுப் பாருங்கள். தாளுக்கும் சுவருக்கும் நிற வித்தியாசம் தெரியாவிட்டால் வேலை சரி. படத்தைச் சுற்றி நாலு விரல் அகலத்துக்குப் பளபளப்பில்லாத கருப்பு அடித்தால், ஓரத்தில் சிந்தும் ஒளியை அது விழுங்கிவிடும், படமும் எடுப்பாகத் தெரியும்.

விளக்குநிலையை ஒப்பிட்டுப் பார்க்கும்போது பலர் செய்வது, படம் ஓடும்போதே `Normal` நிலையிலிருந்து `Eco` நிலைக்கு மாற்றிவிட்டு 'மங்கிவிட்டதே' என்று உடனே திரும்பிவிடுவது. கண் முந்தைய வெளிச்சத்துக்குப் பழகியிருப்பதால் அந்த நிமிடத்தில் அப்படித்தான் தோன்றும். மாற்றிவிட்டுப் பத்து நிமிடம் வெளியே போய் வந்து பாருங்கள். இரவுக் காட்சி ஒன்றில் கருப்பு உடையின் மடிப்பும் நிழலில் இருக்கும் முகமும் தெரிகின்றனவா என்பதுதான் கேள்வி. தெரிந்தால் அந்த வெளிச்சம் போதும்.

புது விளக்கு முதல் சில நூறு மணி நேரத்திலேயே கணிசமாக மங்கும், அதன்பின் மெதுவாகத்தான் இறங்கும். அதனால் புதிதில் `Eco`, இருண்ட காட்சிகள் தெளிவில்லாமல் போகும் காலத்தில் `Normal` என்று போவது நல்ல ஒழுங்கு. எப்போதுமே `Eco` நிலையில் எரியும் விளக்கில் சில சமயம் படம் துடிக்கும். இந்த விளக்குகளில் இரண்டு மின்முனைகளுக்கு நடுவே மின்சுடர் எரிகிறது. குறைந்த சூட்டில் முனைகளின் வடிவம் மாறும்போது சுடர் நிலைகொள்ளாமல் தாவும். இரண்டு மூன்று மணி நேரம் முழுச் சக்தியில் எரியவிட்டால் பல நேரம் துடிப்பு நின்றுவிடும். நிற்காவிட்டால் விளக்கு மாற்றும் காலம் வந்துவிட்டது. மெனுவில் தெரியும் விளக்கு மணிகள் ஆயுளைத் தாண்டியபின் அதை ஓட்டிக்கொண்டிருக்கக் கூடாது. உள்ளே பாதரசம் இருக்கிறது, அழுத்தமும் அதிகம், வெடித்தால் கருவியும் கெடும்.

லேசர் புரொஜெக்டரில் இந்தக் கணக்கு மாறிவிடுகிறது. பெரும்பாலான கருவிகளில் ஒளிமூலத்தின் ஆயுள் 20,000 மணி என்று போட்டிருப்பார்கள். நாளைக்கு மூன்று மணி நேரம் என்றால் பதினெட்டு வருடம். அதை நீட்டிப்பதற்காகச் சக்தியைக் குறைப்பதில் வீட்டுக்காரருக்குப் பெரிய லாபமில்லை. அங்கே சக்தியைக் குறைப்பது கருப்பின் ஆழத்துக்காக, சத்தம் தணிய, கருவியின் சூடு குறைய. சூடு குறைவது முக்கியம், ஏனென்றால் லேசர் பகுதியை விளக்கைப்போலக் கழற்றிப் புதிது மாட்ட முடியாது. உத்தரவாதக் காலம் முடிந்தபின் அது பழுதானால் செலவு புதுக் கருவியின் விலையை நெருங்கும். பல கருவிகளில் சக்தியைப் படிப்படியாக மாற்றலாம் என்பதால் இரவுக்கு ஓர் அளவு, பகலுக்கு ஓர் அளவு என்று வைத்துக்கொள்ளலாம்.

லேசர் கருவிகளில் சுவரை ஒட்டி மேசைமேல் வைக்கும் வகை ஒன்று உண்டு. அதற்குப் பட்டி பார்த்த சுவரும் போதாது. ஒளி கீழிருந்து மிகச் சாய்வாக மேலே போவதால், படத்தின் மேல்விளிம்பில் ஒரு மில்லிமீட்டர் மேடு இருந்தால் அந்த இடத்தில் கோடு மூன்று நான்கு மில்லிமீட்டர் விலகும். எழுத்துகளும் கிரிக்கெட் மைதானத்தின் எல்லைக்கோடும் நெளிந்து தெரியும். இந்த வகையை வாங்குகிறவர்கள் சட்டத்தில் இழுத்துக் கட்டிய திரைக்கும் சேர்த்தே பணம் ஒதுக்க வேண்டும். சுருட்டித் தொங்கவிடும் மலிவான திரையும் உதவாது, அதன் அலைகள் சுவரைவிட மோசமாகத் தெரியும்.