புது வார்டில் முதல் அரை நிமிடம்

மாறுதல் வாங்கிக்கொண்டு புது மருத்துவமனைக்கு வரும் ஸ்டாஃப் நர்ஸ், காலையில் சார்ஜ் மாற்றும் நேரத்தில்தான் பெரும்பாலும் சக செவிலியர்களை முதலில் சந்திக்கிறார். இரவு முழுக்க நின்ற சிஸ்டர் வீட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் இருப்பார். இன்சார்ஜ் சிஸ்டர் யாருக்கு எந்தப் படுக்கை என்று பிரிக்கப் போகிறார். அறிமுகத்துக்குக் கிடைப்பது அரை நிமிடம்தான். அதில் பெயர், ஊர், சர்வீஸ் எத்தனை வருடம் என்பதைவிட, எந்த வேலையைத் தனியாகச் செய்ய முடியும், எதற்குத் துணை வேண்டும் என்பதைத்தான் சொல்ல வேண்டும். படுக்கைகள் அதை வைத்துத்தான் பிரிக்கப்படும்.

தாலுகா மருத்துவமனைப் பிரசவ வார்டிலிருந்து, மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பொது மருத்துவ வார்டுக்கு வரும் ஒருவர் இப்படிச் சொல்லலாம்:

“வணக்கம் சிஸ்டர். இவ்வளவு நாளும் பிரசவ வார்டுதான் பார்த்தேன். ஐ.வி. லைன் போடுவேன், மெக்னீசியம் ஊசி கொடுத்துக் கண்காணிச்சுப் பழக்கம். சிரிஞ்ச் பம்ப் ஓட்டினதில்லை, முதல் தடவை யாராவது கூட நிக்கணும். இன்சுலின்ல எனக்கு 40 யூனிட் பாட்டில்தான் பழக்கம். இங்கே எது வருது?”

அந்தக் கடைசிக் கேள்வி மிக முக்கியமானது. நம் நாட்டில் இன்சுலின் பாட்டில் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட், 100 யூனிட் என இரண்டு அடர்த்தியில் கிடைக்கிறது. 40-க்கான சிரிஞ்சின் மூடி சிவப்பு, 100-க்கானது ஆரஞ்சு. டாக்டர் 10 யூனிட் எழுதியிருக்க, பழைய பழக்கத்தில் சிவப்பு மூடி சிரிஞ்சை எடுத்து, 100 யூனிட் பாட்டிலிலிருந்து 10 என்ற கோடு வரை இழுத்தால் சிரிஞ்சில் ஏறுவது கால் மில்லி. அந்தக் கால் மில்லிக்குள் இருப்பது 25 யூனிட். நோயாளிக்கு வியர்த்துக் கொட்டும், கை நடுங்கும், பேச்சு குழறும். உடனே சர்க்கரை பார்த்து குளுக்கோஸ் ஏற்றாவிட்டால் வலிப்பு வரை போகும்.

“எல்லாம் பார்ப்பேன் சிஸ்டர்” என்று மட்டும் சொல்கிறவரிடம் பம்ப் ஓடும் படுக்கையே போய்ச் சேரலாம். அங்கே அலாரம் அடிக்கும்போது கேட்கவும் கூச்சமாக இருக்கும். புதிதாக வந்தவர் ஒரு கேள்வியும் கேட்காமல் எல்லாவற்றுக்கும் தலையாட்டினால், இன்சார்ஜ் தாமே தூண்டிக் கேட்டுவிடுவது நல்லது.

இந்தப் பேச்சு நர்ஸ் மேஜையருகே, படுக்கைப் படுக்கையாகப் போவதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும். எனக்கு இது தெரியாது என்று நோயாளியின் தலைமாட்டில் நின்று சொன்னால் அவர் பயந்துபோவார். பழைய இடத்து மனக்குறை, எதனால் மாறுதல் என்பதற்கெல்லாம் சாப்பாட்டு வேளை இருக்கிறது.

இவ்வளவும் கேட்ட இன்சார்ஜ், பம்ப் இல்லாத படுக்கைகளாக, மூத்த சிஸ்டருடைய படுக்கைகளுக்குப் பக்கத்திலேயே அவருக்குக் கொடுக்கலாம். இன்சுலினை இருவர் சேர்ந்து சரிபார்த்த பிறகே போடுவது என்று அங்கேயே சொல்லிவிடலாம். அவசர டிராலி எங்கே நிற்கிறது என்பதையும் ரவுண்ட்ஸ் தொடங்கும் முன்பே காட்டிவிட வேண்டும்.