சேரும் நாளுக்கு முன்பே ரத்தாகும் இன்டர்ன்ஷிப்

பொறியியல் இறுதியாண்டு படிக்கும் ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். கற்பனைதான், ஆனால் ஆண்டுதோறும் டிசம்பரில் நடப்பதை ஒட்டியது. கோவையில் அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரி ஒன்றில் படிக்கிறார். நவம்பரில் வளாகத் தேர்வு மூலம் பெங்களூர் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் ஆறு மாத இன்டர்ன்ஷிப் கிடைத்தது. மாதம் 20,000 ரூபாய் ஸ்டைபெண்ட், ஜனவரி 5 திங்கள்கிழமை சேர வேண்டும். கடிதத்தில் கையெழுத்திட்டு அனுப்பிவிட்டார். பெங்களூரில் பி.ஜி. விடுதிக்கு 12,000 ரூபாய் முன்பணமும் கட்டிவிட்டார். டிசம்பர் 26 மாலை எச்.ஆர். பிரிவிலிருந்து போன் வருகிறது: "சாரிமா, பட்ஜெட் நிறுத்திட்டாங்க. இந்த பேட்ச் இன்டர்ன்ஷிப் எதுவும் நடக்காது."

இந்த நிலையில் யாருக்கும் முதலில் வருவது கோபம். அடுத்து, ஊர் முழுக்க ரெஸ்யூமே அனுப்ப வேண்டும் என்ற பதற்றம். இரண்டும் நியாயமே. ஆனாலும் அந்த இரண்டுக்கும் முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது: போனில் சொன்னதை எழுத்தில் வாங்குவது. போன் பேச்சை மட்டும் நம்பி விட்டுவிட்டால், "நாங்கள் ரத்து செய்யவில்லை, அவர்தான் சேரவில்லை" என்று நிறுவனத்தின் பதிவேட்டில் ஏறிவிடக்கூடும். பிறகு கல்லூரியில் அதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பது மாணவிதான்.

ஆகவே அன்று இரவே மின்னஞ்சல் ஒன்று போக வேண்டும். நீளம் தேவையில்லை. இன்ன தேதியிட்ட கடிதத்தை இன்ன தேதியில் ஏற்றுக்கொண்டேன்; இன்று மாலை தொலைபேசியில் இன்டர்ன்ஷிப் ரத்து என்று தெரிவித்தீர்கள்; இது ரத்தா, தள்ளிவைப்பா என்பதை எழுத்தில் உறுதிசெய்யுங்கள்; ரத்து என்றால், அது நிறுவனத்தின் காரணத்தால் நேர்ந்தது, என் தகுதி தொடர்பானதல்ல என்று குறிப்பிட்டு ஒரு கடிதம் கொடுங்கள். இவ்வளவு போதும். திட்டோ கெஞ்சலோ அதில் இருக்கக் கூடாது. அதே இரவில் நிறுவனத்தின் ஆன்போர்டிங் தளத்துக்குள் போய், கையெழுத்திட்ட கடிதம் உட்பட எல்லாவற்றையும் இறக்கிச் சொந்த மின்னஞ்சலில் வைத்துக்கொள்ள வேண்டும். ரத்தானதும் அந்தத் தளத்தின் கதவு மூடிவிடும்.

இந்த இடத்தில் ஒரு பொறி இருக்கிறது. சில நிறுவனங்களில் எச்.ஆர். மிகவும் இணக்கமாகப் பேசி, "நீங்களே விலகிக்கொள்வதாக ஒரு மெயில் போட்டுவிடுங்கள், ஃபைலை முடிக்க வசதியாக இருக்கும்" என்று கேட்பார்கள். போடவே கூடாது. அந்த ஒரு வரியால் ரத்து செய்தவர் யார் என்பதே மாறிப்போய்விடும். கேட்கக்கூடிய இழப்பீடும் கல்லூரியில் கிடைக்க வேண்டிய சலுகையும் அதோடு போய்விடும்.

அடுத்த வேலைநாளில் போக வேண்டிய இடம் கல்லூரி. பலர் இதைச் செய்யாமல் ஒரு வாரம் ஒத்திப்போடுகிறார்கள். வேறு இடம் கிடைத்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால், நிறுவனம் செய்ததைவிட அதிக சேதம் இந்தத் தாமதத்தால்தான் வருகிறது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில் எட்டாவது செமஸ்டரில் 'புராஜெக்ட் வொர்க் அல்லது இன்டர்ன்ஷிப்' என்பது ஒரே பாடம், 10 கிரெடிட். இன்டர்ன்ஷிப் போய்விட்டாலும் பாடம் போகவில்லை. கல்லூரியிலேயே ஒரு புராஜெக்ட் செய்து அதே கிரெடிட்டை வாங்கலாம். ஆனால் அதற்கு வழிகாட்டும் ஆசிரியர் வேண்டும், தலைப்பு வேண்டும், முதல் ரிவ்யூவுக்குள் கொஞ்சமாவது வேலை நடந்திருக்க வேண்டும். ரிவ்யூக்கள் பெரும்பாலும் ஜனவரியிலேயே தொடங்கிவிடும். டிசம்பர் கடைசியில் துறைத்தலைவரிடம் சொன்னால் நண்பர்களின் குழுவில் சேர்த்துவிட வழி இருக்கும். பிப்ரவரியில் சொன்னால் குழுக்கள் முடிவாகியிருக்கும், ஆசிரியர்களின் எண்ணிக்கையும் நிரம்பியிருக்கும். பட்டம் ஒரு செமஸ்டர் தள்ளிப்போகும் ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

துறையிலிருந்து நேராகப் பிளேஸ்மென்ட் அலுவலகத்துக்குப் போக வேண்டும். பல கல்லூரிகளில் ஒரு மாணவருக்கு ஒரு ஆஃபர்தான் என்ற விதி உண்டு. ஒன்று கிடைத்தவுடன் அடுத்து வரும் நிறுவனங்களின் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள். நம் மாணவி டிசம்பரில் வந்த இரண்டு நிறுவனங்களின் தேர்வை இந்த விதியால்தான் எழுதவில்லை. ஆஃபர் ரத்தானால் பெயர் தானாகத் திரும்பச் சேர்ந்துவிடாது. ரத்துக் கடிதத்தை இணைத்து, என்னை மீண்டும் தகுதியுள்ளவராகச் சேர்க்க வேண்டும் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். பெங்களூர் செல்ல வாங்கிய தடையில்லாச் சான்றிதழில் பழைய நிறுவனத்தின் பெயர் இருக்கும். புதிய இடம் கிடைத்தால் அதை மாற்றி வாங்க வேண்டும் என்பதையும் அன்றே கேட்டு வைக்கலாம்.

நிறுவனத்தோடு பேசுவதில் தனி மாணவரைவிடக் கல்லூரிக்குப் பலம் அதிகம். அடுத்த ஆண்டும் அந்த நிறுவனம் இதே வளாகத்துக்கு வர விரும்பும் அல்லவா? 2016 மே மாதம் ஃபிளிப்கார்ட், ஐ.ஐ.எம். அகமதாபாத் உள்ளிட்ட கல்லூரிகளில் தேர்ந்தெடுத்தவர்களை ஜூனுக்குப் பதில் டிசம்பரில் சேரச் சொன்னது. தாமதத்துக்கு ஈடாகத் தலா 1.5 லட்சம் ரூபாய் தர நிறுவனம் முன்வந்தது. அது போதாது என்று ஐ.ஐ.எம். அகமதாபாத் எழுத்திலேயே எதிர்த்தது. அதே ஆண்டு ஆகஸ்டில், ஆஃபரைத் திரும்பப் பெற்றது போன்ற காரணங்களுக்காக 31 நிறுவனங்களை வளாகத் தேர்வுக்கு வரவிடாமல் ஐ.ஐ.டி.களின் கூட்டுப் பிளேஸ்மென்ட் குழு தடுத்தது. அவை வேலை ஆஃபர்கள். பெரிய கல்லூரிகளின் பலம் எல்லாக் கல்லூரிக்கும் இல்லை என்பதும் உண்மை. ஆனாலும் பத்து மாணவர்கள் ஒரே நிறுவனத்தால் பாதிக்கப்பட்டிருந்தால் பத்துப் பேரும் தனித்தனியாக எச்.ஆரிடம் பேசுவதைவிட, பிளேஸ்மென்ட் அதிகாரி பெயரில் ஒரே கடிதம் போவது எடுபடும்.

பணம் பற்றிப் பேசலாம். நீதிமன்றம் போனால் அந்த இன்டர்ன்ஷிப்பையே திரும்ப வாங்க முடியுமா? முடியாது என்றே எடுத்துக்கொள்ளலாம். ஒருவரின் தனிப்பட்ட உழைப்பைச் சார்ந்த ஒப்பந்தத்தை நிறைவேற்றியே தீர வேண்டும் என்று நீதிமன்றம் கட்டாயப்படுத்துவதில்லை. ஆனால் ஏற்றுக்கொண்ட ஒப்பந்தத்தை மீறினால் இழப்பீடு கேட்க, 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 73ஆவது பிரிவு இடம் தருகிறது. அந்தப் பிரிவிலேயே இன்னொன்றும் இருக்கிறது: இழப்பைக் குறைக்க உங்கள் கையில் என்ன வழி இருந்தது என்பதையும் கணக்கில் எடுப்பார்கள். அதாவது வீட்டில் சும்மா உட்கார்ந்துவிட்டு ஆறு மாத ஸ்டைபெண்டைக் கேட்க முடியாது.

நம் மாணவியின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஆறு மாதத்துக்கு 20,000 வீதம் 1,20,000 ரூபாய் வந்திருக்கும். அவர் தேடிப்பிடித்து, பிப்ரவரியில் கோவையிலேயே மாதம் 12,000 ரூபாய்க்கு ஓர் இடத்தில் சேர்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து மாதத்தில் 60,000. மீதி 60,000 இழப்பு. பி.ஜி. உரிமையாளர் முன்பணத்தில் 4,000 மட்டும் திருப்பித் தந்தார் என்றால் இன்னொரு 8,000. காகிதத்தில் 68,000 ரூபாய் இழப்பு நிற்கிறது.

ஆனால் கடிதத்தைத் திரும்ப எடுத்துப் படிக்க வேண்டும். இதுபோன்ற கடிதங்களில் 'இரு தரப்பில் எவரும் 15 நாள் முன்னறிவிப்பிலோ, அதற்கான தொகையைக் கொடுத்தோ முடித்துக்கொள்ளலாம்' என்று ஒரு வரி பெரும்பாலும் இருக்கும். சேர்த்துக்கொண்ட மறுநாளே அந்த வரியின்படி அவரை அனுப்பியிருந்தால் நிறுவனம் தர வேண்டியது 10,000 ரூபாய்தான். அதைவிட அதிகமாக வாங்குவது கடினம். 'சேரும் முன் எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம்' என்ற வரி இருந்தால் வழக்கு இன்னும் பலவீனம். ஆகவே 15 நாள் ஸ்டைபெண்ட் 10,000, ரசீதோடு காட்டக்கூடிய விடுதி நஷ்டம் 8,000, மொத்தம் 18,000 ரூபாய் கேட்பதே நடக்கக்கூடிய கோரிக்கை. அதை லட்சக்கணக்கில் ஏற்றினால் கடிதம் நிறுவனத்தின் சட்டப் பிரிவுக்குப் போய் அங்கேயே கிடக்கும். 18,000 என்றால் ஓர் எச்.ஆர். மேலாளரே ஒப்புதல் வாங்கித் தர வாய்ப்பு உண்டு. ரசீதுகளை இணைத்து, பதில் தர இரண்டு வாரம் கொடுத்து, கல்லூரிக்கும் நகல் போட்டு அனுப்பலாம்.

பதிலே வராவிட்டால் வக்கீல் நோட்டீஸ் அனுப்பலாம். அதற்குச் செலவழிக்க வேண்டியதில்லை. 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி, பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. ஆண் மாணவர்களுக்கு வருமானம், சாதி போன்ற தகுதிகளைப் பொறுத்துக் கிடைக்கும். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை நேரில் அணுகலாம், 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம். வழக்குப் போடும் முன்பே இரு தரப்பையும் அழைத்துப் பேசும் வழியும் அங்கே இருக்கிறது.

சேரும் முன் 'பயிற்சிக் கட்டணம்', 'லேப்டாப் டெபாசிட்' என்று பணம் வாங்கிக்கொண்டு ரத்து செய்தவர்கள் விஷயமே வேறு. அது மோசடியாகவே இருக்கலாம். ஆன்லைனில் பணம் போயிருந்தால் அன்றே 1930க்கு அழைத்துப் புகார் செய்ய வேண்டும். தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பணம் கைமாறிவிடும்.

புது இடம் தேடும்போது பலர் மறந்துவிடுகிற ஒருவர், தன்னை நேர்காணல் செய்த அணித்தலைவர். எச்.ஆர். பிரிவுக்கு இது ஒரு பட்ஜெட் வரி; அவருக்கோ தான் பார்த்துத் தேர்ந்தெடுத்த ஆள். "சார், உங்கள் நிறுவனத்திலேயே வேறு அணியில் இடம் இருக்கிறதா? இல்லாவிட்டால் தெரிந்த இடத்தில் என் பெயரைச் சொல்ல முடியுமா?" என்று நேராகக் கேட்கலாம். குற்ற உணர்ச்சியாலும் பலர் உதவுவார்கள். பழைய சக ஊழியர்கள் வேறு நிறுவனங்களில் இருப்பார்கள், ஒரு போனில் நேர்காணல் வரை கொண்டுபோய்விடுவார்கள். புதிய இடத்தில் ஏன் ஜனவரியில் சேரவில்லை என்று கேட்டால், நடந்ததை இரண்டு வாக்கியத்தில் சொல்லிக் கடிதத்தைக் காட்டினால் போதும். பழைய நிறுவனத்தைக் குறைசொல்ல ஆரம்பித்தால் நேர்காணல் அதிலேயே முடிந்துவிடும்.

சில சமயம் மார்ச்சில் அதே நிறுவனம் மறுபடி அழைக்கும்: பட்ஜெட் வந்துவிட்டது, திங்கள்கிழமை சேர முடியுமா என்று. உடனே சரி சொல்லத் தோன்றும். அதற்குள் கல்லூரியில் இரண்டாம் ரிவ்யூ நெருங்கியிருக்கும், புராஜெக்ட் குழு இவரை நம்பியிருக்கும். பாதியில் மாற முடியுமா என்று வழிகாட்டும் ஆசிரியரிடம் கேட்ட பிறகே பதில் தர வேண்டும். சேரலாம் என்று முடிவானால் புதிய தேதியிட்ட புதிய கடிதம் வேண்டும். பழைய கடிதத்தை நீட்டித்ததாக ஒரு மெயில் மட்டும் போதாது. சேரும் முன் ரத்து செய்தாலும் 15 நாள் ஸ்டைபெண்ட் உண்டு என்ற ஒரு வரியை இந்த முறை அதில் எழுதித் தரச் சொல்லலாம். ஒருமுறை ரத்து செய்த நிறுவனத்திடம் அதைக் கேட்கத் தயங்க வேண்டியதில்லை. எழுதித் தராவிட்டால், முதல் மாத ஸ்டைபெண்ட் கைக்கு வரும்வரை பெங்களூரில் விடுதிக்கு முன்பணம் கட்டாமல் தெரிந்தவர் அறையில் தங்கிக்கொள்வது நல்லது.