கழிப்பறையை எங்கே வைப்பது?

லண்டனில் தேம்ஸ் நதிக்கரையில், நாடாளுமன்றத்துக்கு எதிர்க்கரையில் செயின்ட் தாமஸ் மருத்துவமனையின் புதிய கட்டடம் 1871இல் திறக்கப்பட்டது. ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் வலியுறுத்திய முறையில் அமைந்தவை அதன் வார்டுகள். ஒவ்வொன்றும் ஒரே நீண்ட கூடம்: 120 அடி நீளம், 28 அடி அகலம், 15 அடி உயரம். பக்கத்துக்குப் பதினான்காக 28 கட்டில்கள்.

கணக்குப் பார்த்தால், சுவரோரமாக ஒரு கட்டிலுக்குக் கிடைத்தது சுமார் எட்டரை அடி. மூன்றடிக் கட்டில் போக, அடுத்த கட்டில்வரை ஐந்தரை அடி இடைவெளி. ஒரு நோயாளிக்கு 1,800 கன அடி காற்று. எதிரெதிர்ச் சுவர்களில் உயரமான ஜன்னல்கள் இருந்ததால், ஒருபுறம் நுழைந்த காற்று மறுபுறம் வெளியேறியது. கூடத்தில் நின்ற நர்ஸுக்கு எல்லாக் கட்டில்களும் ஒரே பார்வையில் தெரிந்தன. கழிப்பறைகள் மட்டும் கூடத்தின் கோடியில், தனியே நீட்டிக் கட்டப்பட்டிருந்தன.

கெட்ட காற்றுதான் நோயைப் பரப்புகிறது என்று அன்று நம்பினார்கள். அது பிழையான விளக்கம். ஆனால் ஜன்னல்கள் செய்த வேலை பிழையல்ல. பெரு நாட்டின் லிமா நகர மருத்துவமனைகளில், அறைக்குள் கார்பன் டை ஆக்சைடை விட்டு அது எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்று அளந்த ஆய்வு 2007இல் வெளியானது. கதவு, ஜன்னல்களைத் திறந்து வைத்தபோது, 1950க்கு முந்தைய கட்டடங்களில் மணிக்குச் சராசரியாக 40 முறை காற்று மாறியது; பிந்தைய கட்டடங்களில் 17 முறைதான். உயர்ந்த கூரையும் பெரிய ஜன்னலும்தான் பழைய கட்டடங்களின் பலம். குளிருக்குப் பயந்து ஜன்னலைச் சாத்திவிட்டால் அந்தப் பலம் போய்விடும்.

பழைய வார்டின் உண்மையான குறை கழிப்பறைதான். மறுகோடியில் படுத்திருப்பவர், வயிற்றுப்போக்கோடு நூறடி நடக்க வேண்டும். அத்தனை பேரும் தொடும் அதே கைப்பிடியை அவரும் தொடுவார். கழிப்பறையோடு சேர்ந்த தனியறை இதைத் தீர்க்கிறது. கூடவே வேறொரு சிக்கலைக் கொண்டுவருகிறது.

கழிப்பறையை நடைபாதைப் பக்கம் வைத்தால் ஜன்னல் முழுதாகக் கிடைக்கும், ஆனால் அதன் சுவர் கட்டிலை நர்ஸின் கண்ணிலிருந்து மறைத்துவிடும். வெளிச்சுவர்ப் பக்கம் வைத்தால் கட்டில் தெரியும், ஜன்னல் சுருங்கும். இரண்டு அறைகளுக்கு நடுவில் வைத்தால் இரண்டும் தப்பிக்கும். ஆனால் நடைபாதை நீண்டு நர்ஸின் கால்கள்தான் விலை கொடுக்கும்.

இங்கிலாந்தின் டன்பிரிட்ஜ் வெல்ஸில் 2011இல் திறந்த மருத்துவமனையில் உள்நோயாளிகள் எல்லோருக்கும் கழிப்பறையுடன் தனியறை. அங்கே நடந்த ஆய்வில் நோயாளிகளில் பெரும்பாலோர் தனியறையையே விரும்பினார்கள். நர்ஸுகளோ அதிகம் நடக்க வேண்டியிருந்தது, எல்லோரையும் ஒருசேரக் கண்காணிக்க முடியவில்லை என்றார்கள். இத்தகைய கட்டடங்களில் இப்போது ஒரே பெரிய நர்ஸ் மேசைக்குப் பதிலாக, இரண்டு அறைகளுக்கு ஒன்றாகச் சின்ன மேசை போட்டு, அங்கிருந்து இரு கட்டில்களும் தெரியும்படி சுவரில் கண்ணாடி ஜன்னல் வைப்பதும் உண்டு. அதைச் சரிபார்ப்பது எளிது: அந்த மேசையில் உட்கார்ந்தால் நோயாளியின் முகம் தெரிய வேண்டும், கால் மட்டும் தெரிந்தால் போதாது.